முதல் கேம், முதல் வாரம்: ஸ்டீம் பேஜும் டிரெய்லரும் ரிலீஸ் தேதியும்

கேள்வி: “பெங்களூருவில் ஐடி வேலை. ராத்திரியும் சனி ஞாயிறுமாக ஒரு பிசி கேம் செய்து கிட்டத்தட்ட முடித்துவிட்டேன். சிக்னல் கேபினில் உட்கார்ந்து லீவர் இழுத்து ரயில்களைத் தடம் மாற்றும் புதிர் கேம். ஸ்டீமுக்கு 100 டாலர் கட்டியாச்சு, பேஜ் இன்னும் போடவில்லை. டிசம்பர் கடைசியில் ஆபீஸ் மூடும், அப்போதே ரிலீஸ் பண்ணிவிடலாமா? ஸ்டோர் பேஜ், டிரெய்லர், முதல் வாரம் மூன்றுக்கும் என்ன திட்டம் போடணும்? எத்தனை நாள் லீவு எடுக்கணும்?”

டிசம்பர் கடைசி வேண்டாம். உங்களுக்கு லீவு கிடைக்கும் அதே நாட்களில்தான் ஸ்டீமின் வின்டர் சேல் நடக்கும். பெரிய பெரிய கேம்கள் பாதி விலைக்கும் கால் விலைக்கும் கிடைக்கிற வாரத்தில், யாரும் கேள்விப்படாத ஒரு ரயில் புதிரைத் தேடி வந்து வாங்குகிறவர்கள் மிகக் குறைவு. ஏதாவது உடைந்து, ஸ்டீமை நடத்தும் கம்பெனியான வால்வுக்கு எழுதினாலும் பதில் சொல்ல வேண்டியவர்களும் அப்போது விடுமுறையில்தான் இருப்பார்கள். அதைவிடப் பெரிய காரணம், உங்கள் பேஜ் இன்னும் வெளியே வரவில்லை என்பது. ரிலீஸ் ஆகும் நேரத்தில் ஸ்டீம் உங்களுக்காகச் செய்யும் முதல் வேலை, உங்கள் கேமை விஷ்லிஸ்டில், அதாவது பின்னால் வாங்கக் குறித்து வைக்கும் பட்டியலில், போட்டவர்களுக்கு மெயில் அனுப்புவது. விஷ்லிஸ்டே இல்லையென்றால் அந்த மெயில் போக ஆளில்லை. இப்போது பேஜ், பிப்ரவரியில் டெமோ, மார்ச் கடைசி அல்லது ஏப்ரல் முதல் பாதியில் ரிலீஸ் என்று வைத்துக்கொள்ளுங்கள் என்பதே என் யோசனை. ஏன் என்பதைக் கீழே சொல்கிறேன்.

அதற்கு முன் ஒன்று. நான் பல வருஷமாக இதே ஊரில் சின்ன டீம்களின் கேம்களுக்கு ஸ்டோர் பேஜும் டிரெய்லரும் ரிலீஸ் வேலையும் பார்த்துக் கொடுப்பவன். ஒருவர், இருவர், அதிகம் போனால் ஐந்து பேர் செய்த கேம்கள்தான் என் அனுபவம். மொபைலுக்கோ கன்சோலுக்கோ இதை அப்படியே பொருத்திப் பார்க்காதீர்கள். அப்புறம், இந்தத் துறையில் இரண்டு வகைத் தகவல் கலந்து கிடக்கிறது. ஒன்று, வால்வு எழுதி வைத்திருக்கும் விதி. இன்னொன்று, டெவலப்பர்கள் தங்களுக்குள் பார்த்துப் பேசி உருவாக்கிக்கொண்ட கணக்கு. இரண்டாவது வகை பொய் என்று சொல்லவில்லை. ஆனால் அதை விதி மாதிரி நம்பித் தேதி குறிக்கக் கூடாது. எது எந்த வகை என்று ஆங்காங்கே சொல்லிவிடுகிறேன்.

விதிகளில் உங்கள் நாட்காட்டியைக் கட்டிப்போடுபவை கொஞ்சம்தான். 100 டாலர் கட்டியதிலிருந்து 30 நாள் கழியாமல் ரிலீஸ் பண்ண முடியாது. Coming Soon பேஜ் குறைந்தது இரண்டு வாரம் வெளியே இருந்திருக்க வேண்டும். பேஜையும், பில்டையும், அதாவது வாங்கியவருக்கு இறங்கப்போகும் கேம் ஃபைல்களையும், தனித்தனியாக மனிதர்கள் பார்த்து ஒப்புதல் தருவார்கள். ஒவ்வொன்றுக்கும் மூன்று முதல் ஐந்து வேலை நாள் ஆகும், திருப்பி அனுப்பினால் மறுபடி அதே வரிசை. ரிலீஸ் தேதிக்கு இரண்டு வாரத்துக்குள் வந்துவிட்டால், தேதியை நீங்களாக மாற்ற முடியாது, வால்வுக்கு எழுதிக் கேட்க வேண்டும். இவை குறைந்தபட்சம். இரண்டு வாரம் போதும் என்று விதி சொல்வதால் இரண்டு வாரம் போதுமென்று ஆகிவிடாது. பேஜுக்கு நான் கேட்பது குறைந்தது நாலைந்து மாதம்.

இனி பேஜ். எல்லோரும் நீளமான விவரணையை எழுதுவதில்தான் ஒரு வாரத்தைச் செலவழிப்பார்கள். வாங்க வருகிறவர் அதைக் கடைசியாகத்தான் படிப்பார், பல பேர் படிப்பதே இல்லை. அவர் கண்ணில் முதலில் படுவது கேப்ஸ்யூல், அதாவது பட்டியல்களில் கேம் பெயரோடு தெரியும் அந்தச் சின்னப் படம். வால்வு பல அளவுகளில் கேட்கும். ஹெடர் கேப்ஸ்யூல் 920×430, சின்ன கேப்ஸ்யூல் 462×174, மெயின் கேப்ஸ்யூல் 1232×706. இவற்றில் வேலை வாங்குவது சின்னதுதான். தேடல் பட்டியல் போன்ற இடங்களில் அது 120×45 வரைக்கும் சுருங்கித் தெரியும். கட்டைவிரல் நகத்தைவிடக் கொஞ்சம் பெரிது, அவ்வளவுதான். உங்கள் கேப்ஸ்யூலை அந்த அளவுக்குச் சுருக்கி, ஸ்டீமில் ரயில் கேம்களைத் தேடினால் வரும் பட்டியலின் ஸ்கிரீன்ஷாட்டில் நடுவே ஒட்டிப் பாருங்கள். பெயரைப் படிக்க முடிகிறதா? சுற்றி இருப்பவற்றிலிருந்து நிறத்தால் பிரிந்து தெரிகிறதா? சின்ன கேப்ஸ்யூலில் படத்தை மறந்துவிட்டுப் பெயரை மட்டும் முழு இடத்துக்கும் நிறைத்துவிடலாம், தப்பில்லை. பெரியதில் கேமின் ஒரே ஒரு செயல் தெரிந்தால் போதும். உங்களுடையதில் அது லீவரைப் பிடித்த கை, ஜன்னலுக்கு வெளியே இரண்டு பக்கத்திலிருந்தும் வருகிற இரண்டு ரயில். மலை, மேகம், பாலம், சூரிய அஸ்தமனம் எல்லாம் அழகுதான், ஆனால் அதைப் பார்க்கிறவர் இது ரயில் ஓட்டுகிற கேம் என்று நினைத்துக்கொள்வார். ஓட்ட வந்தவர் லீவரைப் பார்த்ததும் பணத்தைத் திருப்பிக் கேட்பார்.

கேப்ஸ்யூலில் கேமின் படம், பெயர், அதிகாரபூர்வமான துணைத்தலைப்பு தவிர வேறெதையும் எழுதக் கூடாது என்று 2022 செப்டம்பரிலிருந்து விதி இருக்கிறது. “விருது பெற்றது”, “டெமோ உண்டு”, தள்ளுபடி சதவீதம் எதுவும் கூடாது. முழு பேஜுக்கும் சேர்த்துக் கையில் கொஞ்சம் பணம்தான் இருக்கிறது என்றால் அதைக் கேப்ஸ்யூல் வரைகிற ஓவியருக்குக் கொடுங்கள். மற்றதையெல்லாம் நாமே செய்துகொள்ளலாம்.

அடுத்தது சிறு விவரணை. சுமார் 300 எழுத்துக்குள் அடக்க வேண்டும். முதல் கேம் செய்கிறவர்கள் இதில் கேமின் கருப்பொருளை எழுதுவார்கள்: காலத்தையும் நினைவையும் கடந்து ஒரு பயணம், இந்த மாதிரி. அதைப் படித்தவருக்கு மவுஸை வைத்து என்ன செய்யப் போகிறோம் என்றே தெரியாது. உங்களுடையதை நானாக இருந்தால், ஆங்கிலத்தில், இந்த அர்த்தம் வரும்படி எழுதுவேன்: “ஒரு மலை ஜங்ஷனின் சிக்னல் கேபினில் நீங்கள் மட்டும். லீவர்களை இழுத்து ரயில்களைத் தடம் மாற்றுங்கள். காலை ரயில் இரண்டு நிமிஷம் தாமதமானால், அன்று மாலை வரை எல்லாமே உங்கள் தலையில்தான் விடியும்.” இதில் இடம் இருக்கிறது, கை செய்யும் வேலை இருக்கிறது, தோற்றால் என்ன ஆகும் என்பதும் இருக்கிறது. மூன்றும் வந்துவிட்டால் நிறுத்திவிடுங்கள்.

டேகுகள் அலங்காரத்துக்கு இல்லை. உங்கள் கேமை எந்தக் கேமுக்குப் பக்கத்தில் காட்டலாம் என்று ஸ்டீம் முடிவு செய்வதில் அவற்றுக்குப் பெரிய பங்கு உண்டு. 20 வரை போடலாம், முன்னால் இருப்பவற்றுக்குக் கனம் அதிகம். Indie, Casual, Singleplayer என்று தொடங்கினால் ஸ்டீமில் பாதிக் கேம் அந்தக் கூட்டத்தில்தான் நிற்கும். உங்களுக்கு முதல் ஐந்து Trains, Puzzle, Logic, Time Management, Simulation என்று இருக்கலாம். இது சரியா என்று பார்க்க ஒரு வழி உண்டு. பேஜ் வெளியான பிறகு, கீழே “இதைப் போன்றவை” என்று ஸ்டீம் காட்டும் கேம்களைப் பாருங்கள். ரயில், சிக்னல், போக்குவரத்து கேம்கள் வந்தால் சரி. பேய்க் கதையும் டேட்டிங் கேமும் வந்தால் டேகு வரிசையை மாற்ற வேண்டும். இதை மாதம் ஒரு தடவை பாருங்கள், விளையாடுகிறவர்களும் டேகு போடுவார்கள் என்பதால் அது நகர்ந்துகொண்டே இருக்கும்.

ஸ்கிரீன்ஷாட் குறைந்தது ஐந்து, 1920×1080, உண்மையில் விளையாடும்போது தெரியும் திரைதான் இருக்க வேண்டும். தலைப்புத் திரை, மெனு, கான்செப்ட் ஓவியம் வேண்டாம். எல்லா வயதினருக்கும் ஏற்றது என்று குறித்த படங்களே பட்டியலில் மவுஸை வைக்கும்போது வந்து போகும், குறைந்தது நாலு படத்துக்கு அந்தக் குறியைப் போட மறக்காதீர்கள். ஒரு படம் காலை, ஒன்று மழை இரவு, ஒன்று ஆறு ரயில் ஒன்றாகச் சிக்கிய நிலை என்று வேறு வேறாக இருக்கட்டும். ஐந்து படத்திலும் ஒரே பச்சை மலை என்றால் கேமில் அவ்வளவுதான் இருக்கிறது என்று பொருள் கொள்வார்கள்.

பேஜ் தயாரானதும் ஆபீஸ் கேன்டீனில் ஒரு சோதனை செய்யுங்கள். உங்கள் கேமைப் பற்றி முன்பே கேட்டிராத ஒருவரிடம் பேஜை ஐந்து விநாடி காட்டி மூடிவிட்டு, “இதில் நீங்க என்ன பண்ணணும்?” என்று கேளுங்கள். “நல்லா இருக்கா?” என்று கேட்காதீர்கள், நல்லா இருக்கு என்றுதான் சொல்வார்கள். “ரயில் ஓட்டணும்” என்று மூன்று பேர் சொன்னால் கேப்ஸ்யூல் தப்பு. “ரயில் மோதாம ரூட் மாத்தணும்” என்று வந்தால் பப்ளிஷ் பண்ணுங்கள்.

டிரெய்லருக்கு வருவோம். அதைச் சினிமா டிரெய்லர் மாதிரி செய்யாதீர்கள். சினிமா பார்க்க வந்தவர் தியேட்டரில் உட்கார்ந்திருக்கிறார், எழுந்து போக மாட்டார். இங்கே பார்ப்பவரின் கை மவுஸிலேயே இருக்கிறது. பல பேர் ஒலியை அணைத்துவிட்டுத்தான் பார்க்கிறார்கள். அதனால் கம்பெனி லோகோ, கருப்புத் திரையில் மெதுவாக எழும் வாசகம், மூடுபனியில் நகரும் கேமரா எல்லாவற்றையும் தொடக்கத்திலிருந்து எடுத்துவிடுங்கள். உங்கள் கேமுக்கு 50 விநாடி போதும். நான் வெட்டினால் இப்படி வெட்டுவேன்.

முதல் நாலு விநாடியில் ஒரே ஷாட். கூட்ஸ் வண்டி ஒன்று வருகிறது, எதிரே பயணிகள் ரயில், கர்சர் லீவரைப் பிடித்து இழுக்கிறது, தண்டவாளம் நகர்கிறது, கூட்ஸ் வண்டி மயிரிழையில் விலகிப் பக்கத்துத் தடத்துக்குப் போகிறது. இதை ஒலி இல்லாமல் பார்த்தாலும் கேம் முழுவதும் புரிந்துவிடும். கர்சர் திரையில் தெரிந்தே ஆக வேண்டும், அதை மறைத்தால் யாரோ எடுத்த அனிமேஷன் மாதிரி ஆகிவிடும். அடுத்த பத்து விநாடியில் அதே வேலையை இரண்டு ரயில், மூன்று ரயில் என்று ஏற்றிக்கொண்டே போங்கள். பிறகு இருபது விநாடி, கேமில் புதிதாக வரும் விஷயங்கள்: ஒற்றைத் தடப் பகுதி, மழையில் நீளும் பிரேக் தூரம், இரவில் விளக்கை மட்டும் வைத்து அடையாளம் காண்பது. ஒவ்வொன்றுக்கும் ஒரு ஷாட், அது முடிந்ததும் என்ன நடந்தது என்று புரியும் அளவுக்கு நீளம். புதிர் கேம் டிரெய்லர்களில் அடிக்கடி நடக்கும் தவறு இதுதான்: பாட்டின் தாளத்துக்காக ஒரு விநாடிக்கு ஒரு வெட்டு. சண்டைக் கேமுக்கு அது சரி. புதிரில் பார்ப்பவருக்குக் காரணமும் விளைவும் ஒரே ஷாட்டில் தெரிய வேண்டும், லீவர் இழுத்தது ஒரு ஷாட்டிலும் ரயில் திரும்பியது இன்னொன்றிலும் இருந்தால் ஒன்றும் விளங்காது. கடைசிப் பத்து விநாடியில் எல்லாம் கைமீறிப் போகட்டும், திரை முழுக்கச் சிவப்பு விளக்கு. பிறகு பெயர், தேதி, முடிந்தது.

தொழில்நுட்பமாகப் பெரிதாக ஒன்றும் இல்லை. ஓபிஎஸ்ஸில் 1080 தரத்தில், விநாடிக்கு 60 ஃபிரேமில், பிட்ரேட்டைத் தாராளமாக வைத்துப் பதிவு செய்யுங்கள். டாவின்சி ரிசால்வின் இலவசப் பதிப்பே வெட்டுவதற்குப் போதும். பதிவு செய்யும்போது வழக்கமாக விளையாடுவது போல விளையாடாதீர்கள், கர்சரை நிதானமாக, தேவையில்லாமல் அலையாமல் நகர்த்துங்கள். இசை விஷயத்தில் மட்டும் கவனம். “ராயல்டி ஃப்ரீ” என்று வாங்கிய இசையாக இருந்தாலும் யூடியூபின் கண்டென்ட் ஐடியில் பதிவாகியிருந்தால், உங்கள் கேமை விளையாடிக் காட்டும் சேனல்காரர்களுக்கு உரிமைப் புகார் வரும். ஒரு தடவை அப்படி வந்தால் அவர் உங்கள் வீடியோவைத் தூக்கிவிடுவார். டிரெய்லரை முதலில் யூடியூபில் தனிப்பட்டதாக ஏற்றிப் பாருங்கள், புகார் இருந்தால் அங்கேயே தெரிந்துவிடும். கேமுக்குள் இருக்கும் இசைக்கும் இதையே செய்யுங்கள்.

இப்போது பிப்ரவரி ஏன் என்பதற்கு வருகிறேன். ஸ்டீம் நெக்ஸ்ட் ஃபெஸ்ட் வருஷத்துக்கு மூன்று தடவை, பிப்ரவரி, ஜூன், அக்டோபரில் நடக்கிறது. வெளிவராத கேம்களின் டெமோக்கள் மட்டும். ஒரு கேம் ஒரே ஒரு தடவைதான் கலந்துகொள்ளலாம். பதிவு பல வாரம் முன்பே மூடிவிடும், அதற்குள் பேஜ் வெளியே வந்திருக்க வேண்டும், டெமோவுக்கும் தனியாக ஒப்புதல் வாங்க வேண்டும். பெயர் தெரியாத முதல் கேமுக்குப் பணம் செலவழிக்காமல் ஆட்கள் வருகிற பெரிய வாய்ப்பு இது. ஆனால் ஃபெஸ்ட் தொடங்கும் அன்றே டெமோவை முதன்முதலாக வெளியிட வேண்டாம். ஜனவரி நடுவிலேயே வெளியிட்டுவிடுங்கள். ஏற்கெனவே விஷ்லிஸ்டில் போட்டவர்களுக்கு டெமோ வந்த செய்தியை மெயிலாக அனுப்ப, டெவலப்பர்களுக்கான ஸ்டீம் தளமான ஸ்டீம்வொர்க்ஸில் வழி இருக்கிறது. அப்படி வந்தவர்கள் எங்கே சிக்கி நிற்கிறார்கள் என்பதைப் பார்த்துத் திருத்திவிட்டுத்தான் ஃபெஸ்டுக்குப் போக வேண்டும். டெமோவை எவ்வளவு நேரம் விளையாடினார்கள் என்பதன் நடுமதிப்பு ஸ்டீம்வொர்க்ஸில் தெரியும். 30 நிமிஷ டெமோவை நடுவில் உள்ளவர் ஐந்து நிமிஷத்தில் மூடிவிட்டார் என்றால் பிரச்சினை பேஜில் இல்லை, உங்கள் முதல் லெவலில் இருக்கிறது. அந்த நிலையில் ஃபெஸ்டை ஜூனுக்குத் தள்ளுவது நல்லது, ஏனென்றால் இரண்டாவது வாய்ப்பு கிடையாது.

விஷ்லிஸ்ட் எத்தனை வேண்டும் என்று அடுத்துக் கேட்பீர்கள். 7,000 முதல் 10,000 வரை இருந்தால் ஸ்டீம் முகப்பின் Popular Upcoming பட்டியலில் வரும் என்று டெவலப்பர்கள் சொல்லிக்கொள்வார்கள். வால்வு அப்படி எந்த எண்ணையும் வெளியிட்டதில்லை. அந்த வாரத்தில் உங்களோடு யாரெல்லாம் ரிலீஸ் ஆகிறார்கள் என்பதைப் பொறுத்து அது மாறும். நான் பார்த்தவரை, முதல் கேமை ராத்திரி வேலையாகச் செய்தவர்களில் பெரும்பாலானவர்கள் அந்த எண்ணைத் தொடுவதில்லை. உங்களுக்கு 3,000 வந்தால் நல்ல நிலை என்று எடுத்துக்கொண்டு கணக்குப் போடுங்கள்.

அந்தக் கணக்கையும் போட்டுப் பார்த்துவிடலாம். முதல் வாரத்தில் விஷ்லிஸ்டின் பத்தில் ஒரு பங்கு அளவுக்கு விற்கும் என்பது புழக்கத்தில் உள்ள உத்தேசம். பாதியாகவும் வரும், இரண்டு மடங்காகவும் வரும். 3,000-க்கு 300 பிரதி. விலை 7.99 டாலர், பத்து சதவீதத் தள்ளுபடியில் 7.19. மொத்தம் சுமார் 2,150 டாலர். இதில் இந்தியா, பிரேசில் போன்ற நாடுகளில் விலை குறைவு, சில நாடுகளில் வரி உள்ளடக்கம், பணம் திருப்பிக் கேட்பவர்கள் கொஞ்சம், மிச்சத்தில் வால்வின் பங்கு 30 சதவீதம். எல்லாம் போகப் பாதி, அதாவது ஆயிரம் டாலர் சுற்றி உங்களுக்கு என்று வைத்துக்கொள்வது பாதுகாப்பு. வேலையை விட்டுவிடலாமா என்ற யோசனை இருந்தால் இந்த வரியை இன்னொரு தடவை படியுங்கள்.

தேதி குறிக்கும்போது மார்ச்சில் ஸ்பிரிங் சேல் இருப்பதைக் கணக்கில் வையுங்கள், அது முடிந்து ஒரு வாரமாவது போகட்டும். ஸ்டீம்வொர்க்ஸில் சேல் தேதிகள் முன்கூட்டியே வரும். கிழமை செவ்வாய் அல்லது புதன். நேரம், பசிபிக் நேரம் காலை 10 மணி என்று பலர் வைப்பார்கள், அமெரிக்கக் கடிகாரம் மார்ச்சில் மாறிய பிறகு அது நமக்கு ராத்திரி 10:30. குறித்த நேரத்தில் தானாக ரிலீஸ் ஆகாது, Release App பொத்தானை நீங்கள்தான் அழுத்த வேண்டும். வீட்டில் கரண்ட் நம்பகமில்லை என்றால் போன் ஹாட்ஸ்பாட்டும் சார்ஜ் ஏறிய லேப்டாப்பும் தயாராக இருக்கட்டும்.

ரிலீஸுக்கு முந்தைய இரண்டு வாரத்தில் முக்கியமாக மூன்று வேலை. ஒன்று, ரிலீஸ் தள்ளுபடியை முன்கூட்டியே அமைப்பது. ரிலீஸ் ஆன பிறகு நினைத்துக்கொண்டு போட முடியாது. பத்து முதல் பதினைந்து சதவீதம் போதும். அது முடிந்ததும் சுமார் ஒரு மாதத்துக்கு வேறு தள்ளுபடி வைக்க முடியாது என்பதையும் நினைவில் வையுங்கள். இரண்டு, சேனல்காரர்களுக்கு கீ, அதாவது காசில்லாமல் கேமைத் தங்கள் கணக்கில் சேர்த்துக்கொள்ளும் எண், அனுப்புவது. பெரிய சேனல்களைத் துரத்தாமல், ரயில், சிக்னல், போக்குவரத்து கேம்களை ஏற்கெனவே விளையாடிக் காட்டும் முப்பது நாற்பது சின்னச் சேனல்களைத் தேடி எழுதுங்கள். “எனக்கு கீ அனுப்புங்கள்” என்று உங்களுக்குத் தானாக வரும் மெயில்களில் பெரும்பகுதி கீயை வாங்கி விற்பவர்களுடையது. அந்தச் சேனலின் பக்கத்தில் இருக்கும் முகவரியும் மெயில் வந்த முகவரியும் எழுத்துக்கு எழுத்து ஒன்றா என்று பாருங்கள். மூன்று, அவசரத் திருத்தத்துக்கு ஒத்திகை. ரிலீஸ் ஆன கேமின் default கிளையில், அதாவது வாங்கியவர்கள் எல்லோருக்கும் இறங்கும் பதிப்பில், புதிய பில்டை வைக்க உங்கள் கணக்கில் பதிவு செய்த போன் வழியாக உறுதி செய்ய வேண்டும், 2023 அக்டோபரில் வந்த ஏற்பாடு. நடுராத்திரி பில்டைக் கையில் வைத்துக்கொண்டு போன் எண் பழையது என்று கண்டுபிடிக்கக் கூடாது. முந்தைய பில்டுக்கு எப்படித் திரும்புவது என்றும் ஒரு தடவை பீட்டா கிளையில் செய்து பாருங்கள்.

ரிலீஸ் ராத்திரி பொத்தானை அழுத்தியதும் வேறொரு கணக்கிலிருந்து நீங்களே ஒரு பிரதி வாங்கி, இறக்கி, ஓடுகிறதா பாருங்கள். டெவலப்பர் கணக்கில் ஓடுவதும் வாங்கியவர் கணினியில் ஓடுவதும் ஒன்றில்லை. கேம் ஃபைல்கள் இருக்கும் டிப்போவை, விற்கப்படும் பேக்கேஜில் சேர்க்க மறந்து, வாங்கியவர்களுக்குக் காலியான ஃபோல்டர் இறங்கிய கதையெல்லாம் உண்டு. பிறகு இரண்டு மூன்று மணி நேரம் கேமின் விவாதப் பகுதியில் இருங்கள். கிராஷ் என்று யார் எழுதினாலும் உடனே பதில், லாக் ஃபைல் எங்கே இருக்கும் என்ற விவரத்தோடு. அந்த விவரத்தை முன்பே எழுதி மேலே பின் பண்ணி வையுங்கள்.

முதல் மூன்று நாளில் குறி ஒன்றுதான்: பத்து ரிவ்யூ. பணம் கொடுத்து வாங்கியவர்களின் ரிவ்யூ பத்தைத் தொட்டால்தான் பேஜில் மதிப்பீடு என்று ஒன்று தோன்றும். கீ மூலம் கிடைத்தவர்கள் எழுதும் ரிவ்யூ இந்தக் கணக்கில் வராது. அதனால் நண்பர்களுக்கு கீயாகக் கொடுத்து எழுதச் சொல்வதில் பயனில்லை. ரிவ்யூவுக்குப் பதிலாக எதையாவது தருவது விதிமீறல், சொந்தக்காரர்களைத் திரட்டி எழுத வைப்பதும் ஆபத்து. பேட்ச் குறிப்பின் முடிவில் “பிடித்திருந்தால், பிடிக்காவிட்டாலும், ஒரு ரிவ்யூ எழுதுங்கள்” என்று ஒரு வரி, அது போதும். மோசமான ரிவ்யூ வந்தால் அதில் வாதாடாதீர்கள். சொல்லப்பட்ட குறை உண்மையென்றால் திருத்திவிட்டு “சரி செய்துவிட்டேன், இந்தப் பதிப்பில்” என்று மட்டும் எழுதுங்கள், பலர் தாங்களே மாற்றிவிடுவார்கள்.

பணம் திருப்பிக் கேட்டவர்கள் எழுதும் காரணங்கள் ஸ்டீம்வொர்க்ஸில் தெரியும், தினமும் படியுங்கள். வாங்கி 14 நாளுக்குள், இரண்டு மணி நேரத்துக்குக் குறைவாக விளையாடியிருந்தால் யாருக்கும் திருப்பித் தருவார்கள். திருப்பிக் கேட்பவர்கள் பத்து சதவீதம் சுற்றி இருந்தால் பதற வேண்டாம் என்பது வழக்கமான பேச்சு. காரணங்கள் சிதறி இருந்தால் விட்டுவிடலாம். “நான் ரயில் ஓட்டலாம் என்று நினைத்தேன்” என்று ஐந்து பேர் எழுதியிருந்தால் அன்றே சிறு விவரணையையும் முதல் ஸ்கிரீன்ஷாட்டையும் மாற்றுங்கள். ரிலீஸுக்குப் பிறகு பேஜை மாற்றக் கூடாது என்று எந்த விதியும் இல்லை.

லீவைப் பொறுத்தவரை, புதன் ரிலீஸ் என்றால் வியாழன், வெள்ளி இரண்டு நாள் எடுங்கள், சனி ஞாயிறு தானாக வரும். ரிலீஸுக்கு முந்தைய வாரத்தில் ஒரு நாள் எடுத்தால் ஒத்திகைக்கு உதவும். பேட்ச் வைக்கும் ஒழுங்கு: கிராஷ், சேவ் அழிவது, லெவலை முடிக்கவே முடியாமல் போவது இவை மட்டும் உடனே, மற்றதெல்லாம் திங்கட்கிழமை ஒரே பேட்சாக. தூக்கமில்லாமல் வைத்த திருத்தம் இன்னொன்றை உடைப்பதைப் பலமுறை பார்த்திருக்கிறேன்.

கடைசியாகக் காகித வேலை இரண்டு. உங்கள் ஆபீஸ் ஒப்பந்தத்தில் வேலை நேரத்துக்கு வெளியே செய்ததும் கம்பெனிக்கே சொந்தம் என்ற மாதிரி வரி இருக்கிறதா என்று பேஜ் போடுவதற்கு முன் பாருங்கள். இந்த ஊர் ஐடி ஒப்பந்தங்கள் பலவற்றில் இருக்கும். இருந்தால் எச்ஆரிடம் எழுத்தில் அனுமதி வாங்குங்கள், அதன் சட்டக் கனத்தை ஒரு வக்கீல்தான் சொல்ல முடியும். இன்னொன்று, ஸ்டீம்வொர்க்ஸில் கொடுக்கும் பெயர் வங்கிக் கணக்கிலும் பானிலும் உள்ளபடி இனிஷியல் உட்பட அப்படியே இருக்க வேண்டும். தமிழ்ப் பெயர்களில் இனிஷியல் ஒரு இடத்தில் முன்னாலும் இன்னொரு இடத்தில் அப்பா பெயராக விரிந்தும் இருக்கும், சரிபார்ப்பு அங்கேதான் நிற்கும். வரிப் படிவத்தில் பான் எண்ணைக் கொடுத்து இந்தியா–அமெரிக்கா ஒப்பந்தத்தைக் கோரினால், அமெரிக்காவில் விற்ற பகுதிக்கு மட்டும் 15 சதவீதம் பிடிப்பார்கள், கோராவிட்டால் 30. ஏப்ரலில் விற்றதற்கான பணம் மே மாதக் கடைசியில் வரும், அதுவும் உங்கள் பங்கு 100 டாலரைத் தாண்டியிருந்தால். நீங்கள் கட்டிய 100 டாலர், விற்பனை 1,000 டாலரைக் கடந்த பிறகு அதோடு சேர்ந்து திரும்பி வரும்.